‘கொரெக்’ என்று பதில் வந்தால் ஒப்புதல் வந்ததாக அர்த்தமில்லை

எங்கள் டிசைனர் தம்பி ஒரு வரைவை அனுப்பும்போது கூடவே எழுதுவது எப்போதும் இரண்டே சொல்தான். ‘கெட் சா.’ மொரீஷியஸ் கிரியோலில் ‘இதைப் பாருங்க’ என்று அர்த்தம். கூட ஒரு படம், ஒரு சிரிப்பு முகம், அவ்வளவுதான். வாடிக்கையாளரிடமிருந்து வருகிற பதிலும் பெரும்பாலும் ஒரே சொல்: ‘கொரெக்.’ இந்த ஊரில் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டாலும் கொரெக்தான், சாப்பாடு எப்படி என்றாலும் கொரெக்தான், மழை நின்றதும் கொரெக்தான். ‘நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டேன், அச்சடிக்கலாம்’ என்கிற பொருளை அந்தச் சின்னச் சொல்லின் தலையில் ஏற்றி வைத்தது நாங்கள்தான்.

நான் திருச்சியிலிருந்து இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரோஸ்ஹில்லில் நாலு பேர் வேலை செய்கிற சின்ன டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழாச் சுவரொட்டி, கடைப் பெயர்ப்பலகை, பள்ளி ஆண்டுமலர் என்று வரும். வாடிக்கையாளரோடு பேசுவது, தமிழ் வரிகளைச் சரிபார்ப்பது, அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை. கொஞ்ச நாளாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. தம்பி எழுதுகிற ‘கெட் சா’வை, எதிரில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாக மாற்றி எழுதுவது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். (இங்கே வருகிற உரையாடல்கள் எல்லாம் கிரியோலும் பிரெஞ்சும் கலந்து நடந்தவை, நான் தமிழில் தருகிறேன்.)

தொடக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை. முந்நூறு பிரதி, இரண்டு பக்க அட்டை, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பிரெஞ்சு. முதல் வரைவு போன பிறகு பெண் வீட்டிலிருந்து போன் வந்தது, மண்டபம் மாறிவிட்டது, காத்ர் போர்னில் இல்லை, வாக்வாவில் என்று. தம்பி உடனே மாற்றினான். ஆனால் பிரெஞ்சுப் பக்கத்தில் மட்டும் மாற்றினான், தமிழ்ப் பக்கத்தில் பழைய ஊரே நின்றது. ‘மாத்திட்டேன், கெட் சா’ என்று அனுப்பினான். ‘கொரெக், மெர்சி’ என்று பதில் வந்தது. அச்சடித்தோம்.

அப்புறம் நடந்த பேச்சில் யார் தப்பு என்பதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது பெண்ணின் அப்பா சொன்ன ஒரு வாக்கியம். ‘மண்டபத்தை மாத்தச் சொன்னோம், மாத்தியிருந்தீங்க, அதுக்குத்தாம்மா கொரெக்னு சொன்னேன்.’ அவர் சொன்னது முழு உண்மை. அவர் மனதில் இருந்த கேள்வி ‘நான் சொன்னதை மாற்றினார்களா’ என்பது. தம்பி மனதில் இருந்த கேள்வி ‘இதை அச்சுக்கு அனுப்பலாமா’ என்பது. இரண்டு கேள்வியையும் யாரும் எழுதவில்லை, ஆனால் ஒரே பதில் இரண்டுக்கும் பொருந்திவிட்டது. எழுதாத கேள்விக்கு வருகிற பதிலை அவரவர் தங்களுக்கு வேண்டிய கேள்வியோடு சேர்த்துப் படித்துக்கொள்வார்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

உள்ளூர் அச்சகத்தில் ‘போன் ஆ திரே’ என்று ஒரு தாள் கேட்பார்கள். ‘அச்சிட ஏற்றது’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொழில் சொல். கடைசிப் படிவத்தில் கையெழுத்து விழுந்தால் அதற்கு மேல் உள்ள பிழை கையெழுத்துப் போட்டவருடையது. பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே எல்லாம் வாட்ஸ்ஆப்பில் நடந்து, கடைசியில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நானாக இருந்தேன். அவருடைய ‘கொரெக்’கை நம்பி நான் போட்ட கையெழுத்து அது.

சரி, இனிமேல் ஒழுங்காகக் கேட்போம் என்று முடிவு செய்து நான் முதலில் எழுதியது இப்படி: ‘மதிப்பிற்குரிய ஐயா, இத்துடன் இணைக்கப்பட்டுள்ள வரைவினைப் பார்வையிட்டுத் தங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ திருச்சியில் படித்த காலத்து விண்ணப்பக் கடித நடை. மரியாதையாக இருந்தது, பெரியவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. பதில்? ‘கொரெக், நன்றி.’ யோசித்துப் பார்த்தால் அந்த நீள வாக்கியத்தில் ‘பாருங்க’ என்பதற்கு மேல் ஒன்றுமே இல்லை. நம்மில் நிறைய பேர் ஒப்புதல் கேட்கும் செய்தியைத் திருத்தி எழுது என்றால் இதைத்தான் செய்கிறோம், பேச்சு நடையைக் கடித நடையாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நடை எப்படி இருந்தாலும் வேண்டியது ஒன்றுதான், பதில் சொல்கிறவர் எதையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் பதில் எழுத முடியும் என்ற நிலை. ‘நல்லா இருக்கா’ என்றால் ஒன்றையும் பார்க்காமலே ஆமாம் சொல்லலாம். ‘கொடியேற்றம் 5.30க்கா 6 மணிக்கா’ என்றால் ‘கொரெக்’ என்று பதில் எழுத வழியே இல்லை.

இதை ஒரு முழு உதாரணத்தோடு சொல்கிறேன். இங்கே தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்து நாள் விரதம், பத்து நாளும் பூஜை, கடைசி நாள் காவடி ஊர்வலம். ஒரு கோயிலுக்கு ஏ3 அளவில் சுவரொட்டி செய்தோம், பத்து நாள் நிகழ்ச்சி நிரலும் உபயதாரர் பெயர்களும் அதிலேயே வர வேண்டும். மூன்றாவது வரைவு முடிந்ததும் தம்பி கோயில் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதற்காக எனக்கு அனுப்பியது இதுதான்:

‘கெட் சா அக்கா, புது போஸ்டர். கொஞ்சம் மாத்தியிருக்கேன். ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லுங்க 🙂’

கூடவே ஒரு ஜேபெக் படம், பெயர் poster_final_new2.jpg.

இந்தச் செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு திருத்த முடியாது. அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, தகவலெல்லாம் தம்பியின் தலைக்குள் இருக்கிறது. அதனால் நான் எழுத உட்காருவதற்கு முன்னால் அவனுக்குப் போன் போட்டு மூன்றே விஷயம் கேட்பேன். போன வரைவுக்கும் இதற்கும் என்னென்ன மாறியிருக்கிறது? உனக்கே சந்தேகம் இருக்கிற இடம் எது? அச்சு ஏறிய பிறகு சரிசெய்யவே முடியாதது எது? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பொக்கிஷம் மாதிரி பதில் வரும். டிசைனருக்கு எப்போதும் சந்தேகம் இருக்கும், அவர்கள் கேட்காததற்குக் காரணம் சோம்பலும் இல்லை, கர்வமும் இல்லை. தெரியாததைக் காட்டிக்கொண்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான்.

அன்று தம்பி சொன்னவை: கொடியேற்ற நேரம் போன வருஷத்து நிரலில் 6 மணி, ஆனால் குருக்கள் அனுப்பிய குரல் பதிவில் ஐந்தரை என்று கேட்ட மாதிரி இருந்தது, அதனால் 5.30 போட்டிருக்கிறான். இரண்டாம் வரைவில் பிரெஞ்சுத் தலைப்பு மேலே இருந்தது, இதில் தமிழை மேலே ஏற்றியிருக்கிறான், யாரும் சொல்லவில்லை, அவனுக்கு அழகாகப் பட்டது. உபயதாரர் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் ஓர் இடத்தில் ஒரு எழுத்துக் கூட்டலிலும் இன்னோர் இடத்தில் வேறு கூட்டலிலும் இருக்கிறது, எது சரி என்று தெரியவில்லை. வேலின் முனை தாளின் மேல் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, வெட்டும்போது போய்விடுமோ என்று பயம். அப்புறம் கீழே இருக்கிற மஞ்சள் பட்டை அடர்த்தியாக இருக்கிறதோ என்று ஒரு யோசனை.

ஐந்து சந்தேகம். ஐந்தையும் கேள்வியாக்கி அனுப்பினால் அதுவும் தப்பு.

வேல் முனையைப் பற்றிக் கோயில் செயலாளரிடம் கேட்க ஒன்றுமில்லை. அச்சகம் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு கேட்கிறது, கத்தி கொஞ்சம் இப்படி அப்படி நகரும், முக்கியமானது எதுவும் வெட்டுக்கோட்டை ஒட்டி இருக்கக் கூடாது. இது எங்கள் தொழில், எங்களுக்குத் தெரிந்தது, படத்தைக் கீழே இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். மஞ்சள் பட்டையும் அப்படியே. அதைக் கேள்வியாக்கினால் என்ன நடக்கும் என்றால், ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் பச்சை என்பார், இன்னொருவர் போன வருஷம் சிவப்பு நன்றாக இருந்தது என்பார், நேரத்தைப் பற்றி யாருமே பேச மாட்டார்கள். நிறம் என்று ஒரு சொல் செய்தியில் இருந்தால் மற்ற எல்லாக் கேள்வியையும் அது தின்றுவிடும். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

மீதி மூன்றும் வேறு வகை. பதில் எங்களிடம் இல்லை, அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தமிழ் மேலேயா பிரெஞ்சு மேலேயா என்பது இந்த ஊரில் அழகுப் பிரச்சினையே இல்லை. 1998இல் இந்த நாட்டு மத்திய வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டபோது, அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து வந்துகொண்டிருந்த தமிழ் இந்திக்குக் கீழே போயிருந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அச்சடித்தார்கள். ஒரு வரி மேலே போவதும் கீழே போவதும் இங்கே எவ்வளவு பெரிய முடிவு என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம். தம்பி வைத்த வரிசையை எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அது அவன் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது, குழு எடுத்ததாக இருக்க வேண்டும். அப்படியானால் கேள்வியாக எழுதி, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது அடுத்தது. குழுவில் போட்டால் ஏழு கட்டைவிரல் வரும். ஏழு பேரும் மற்ற ஆறு பேர் படித்திருப்பார்கள் என்று நம்பியிருப்பார்கள். அதனால் ஒப்புதல் கேட்டு எழுதுவது ஒருவருக்குத்தான், இங்கே செயலாளருக்கு. நேரத்தை அவர் குருக்களிடம் கேட்கலாம், பெயரை உபயதாரரிடம் கேட்கலாம், ஆனால் ‘அச்சடிக்கலாம்’ என்று எழுதுகிற கை ஒன்றுதான். குழுவுக்கு அதே வரைவைத் தகவலுக்காகப் போடுவோம், கீழே ‘பதில் செயலாளர் ஐயா மூலம்’ என்று ஒரு வரி சேர்த்து.

அன்று அனுப்பியது இது:

‘செயலாளர் ஐயாவுக்கு வணக்கம்.

காவடிச் சுவரொட்டியின் 3ஆம் வரைவு அனுப்பியிருக்கிறோம். கோப்பின் பெயர் kavadi_A3_v3.pdf. இதை அச்சுக்கு அனுப்ப உங்கள் ஒப்புதல் வேண்டும். வியாழன் மாலை 4 மணிக்குள் பதில் கிடைத்தால் வெள்ளி காலை அச்சு ஏறும். அதற்குள் கிடைக்காவிட்டால் அனுப்ப மாட்டோம், அச்சகத்தில் அடுத்த இடம் செவ்வாய்க்கிழமை.

2ஆம் வரைவிலிருந்து மாறியவை: தலைப்புகளின் வரிசை, கொடியேற்ற நேரம், உபயதாரர் பட்டியல் புதிதாகச் சேர்ந்தது, முருகன் படம் சற்றுக் கீழே இறங்கியது. வேறு எதுவும் மாறவில்லை.

உங்களிடமிருந்து மூன்று பதில் வேண்டும்.

1. கொடியேற்றம் போன வருட நிரலில் காலை 6.00. குருக்களின் குரல் பதிவில் 5.30 என்று கேட்கிறது. இப்போது 5.30 போட்டிருக்கிறோம். எந்த நேரம் சரி?

2. தலைப்பில் முதலில் தமிழ், அடுத்து பிரெஞ்சு, கடைசியில் ஆங்கிலம் என்று வைத்திருக்கிறோம். குழுவின் முடிவும் இதுதானா, வேறு வரிசை வேண்டுமா?

3. உபயதாரர் பட்டியலில் 7ஆம் பெயரிலும் 12ஆம் பெயரிலும் ஒரே குடும்பப் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் தந்த பட்டியலில் உள்ளபடியே போட்டிருக்கிறோம். இரண்டும் சரியா, ஒன்றை மாற்ற வேண்டுமா?

மூன்றுக்கும் பதில் எழுதி, கடைசியில் “3ஆம் வரைவை அச்சடிக்கலாம்” என்று ஒரு வரி போட்டால் போதும் ஐயா.’

தம்பி இதைப் படித்துவிட்டு முதலில் சொன்னது, ‘பெரியவர்கிட்ட இப்படிக் கேள்வி கேட்டா அதட்டுற மாதிரி இருக்காதா அக்கா?’ அவன் கவலை நியாயமானது. வயதானவர், கோயிலுக்காகச் சம்பளமில்லாமல் ஓடுகிறவர். ஆனால் மரியாதை என்பது கேள்வியை மழுப்புவதில் இல்லை. ‘ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்றால் முழுத் தாளையும் துருவிப் பிழை கண்டுபிடிக்கிற வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். எங்கே பார்க்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருடைய அரை மணி நேரம் மிச்சம்.

அந்தச் செய்தியில் சில இடங்களை வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்வியிலும் ‘இப்போது நாங்கள் போட்டிருப்பது என்ன’ என்பது இருக்கிறது. அது இல்லாமல் ‘கொடியேற்றம் எத்தனை மணிக்கு’ என்று மட்டும் கேட்டால் பதில் வரும், ஆனால் தாளில் இருப்பதோடு அதை ஒப்பிடும் வேலை திரும்ப நம்மிடமே வந்து நிற்கும், நடுவில் ஒரு கை தவறினால் போச்சு. ‘பதில் வராவிட்டால் அனுப்ப மாட்டோம்’ என்பதும் யோசித்து எழுதியதுதான். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இணையதளத்தில் ஒரு படத்தை மாற்றுவது மாதிரி, நாளைக்கே திரும்ப மாற்றக்கூடியதற்கு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். தகடு எடுத்துத் தாளில் ஏறிவிட்டால் திரும்பாது என்கிற வேலைக்கு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கெடு எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுவது எங்கள் வழக்கம், காவடி நேரம் சூறாவளிக் காலமும்கூட, எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் அச்சகம், கடை, பஸ் எல்லாம் நின்றுவிடும், ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கேள்விகள் மூன்று என்பதும் கணக்குத்தான். ஐந்தாறு கேள்வி போனால் முதல் இரண்டுக்கும் கடைசி ஒன்றுக்கும் பதில் வரும், நடுவில் இருப்பது காணாமல் போகும். அதற்கு மேல் கேள்வி இருந்தால் வரைவு இன்னும் ஒப்புதல் கேட்கிற நிலைக்கு வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், போனில் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த வரைவுக்குப் போவது நல்லது.

படத்தை ஜேபெக்கிலிருந்து பிடிஎஃபாக மாற்றி, டாக்குமெண்டாக அனுப்பியதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது அமுக்கப்பட்டுத்தான் போகும், ஏ3 தாளின் கீழ்வரிசையில் இருக்கிற உபயதாரர் பெயர்கள் குழம்பிய மை மாதிரி தெரியும். படிக்க முடியாத பெயரைச் சரியா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார், கொரெக் என்றுதான் சொல்வார்.

பதில் புதன்கிழமை இரவு வந்தது. ‘1. 5.30தான், குருக்களிடம் கேட்டேன். எட்டாம் நாள் மாலை பூஜையும் அரை மணி முன்னால் போகிறதாம், அதையும் மாற்றுங்கள். 2. தமிழ் முதலில், சரி. 3. விசாரித்துச் சொல்கிறேன்.’ பாருங்கள், எட்டாம் நாளைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. ஆனால் ஒரு நேரத்தை உறுதிசெய்ய அவர் குருக்களிடம் போனதால் இன்னொரு நேரம் மாறியிருப்பது தெரிந்தது. ‘எல்லா நேரமும் சரியா’ என்று கேட்டிருந்தால் அவர் குருக்களிடம் போயிருக்க மாட்டார்.

தம்பிக்கு ஒரே சந்தோஷம், இரண்டு கிடைத்துவிட்டது, மூன்றாவது சின்ன விஷயம், அச்சகத்துக்குப் போன் போடலாமா என்றான். இல்லை. இரண்டு பதிலும் ஒரு ‘விசாரிக்கிறேன்’னும் சேர்ந்தால் அது ஒப்புதல் ஆகாது, அந்தக் கடைசி வரி இன்னும் வரவில்லை. எட்டாம் நாள் நேரத்தை மாற்றி, கோப்பின் பெயரை v4 ஆக்கி, ‘1, 2 பதில்கள் ஏறிவிட்டன, எட்டாம் நாள் மாலை 6.30 என்று போட்டிருக்கிறோம், 3ஆம் கேள்விக்கு மட்டும் காத்திருக்கிறோம், இனி அச்சடிக்க வேண்டியது 4ஆம் வரைவு’ என்று திருப்பி எழுதினோம். சொன்னதை நாம் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்வது ரொம்ப அவசியம். அரை மணி முன்னால் என்று மட்டும்தானே அவர் எழுதினார், எத்தனை மணி என்று எழுதியது நாம்.

வியாழன் மதியம் மூன்றாவது பதில் வந்தது. இரண்டு பெயரும் சரி. ஒரே குடும்பம் இல்லை, இரண்டு தனித்தனிக் குடும்பம். இந்தத் தீவில் தமிழ்ப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் எழுதி வைத்தார்கள், ஒரே தமிழ்ப் பெயர் நாலைந்து வடிவமாகப் பிரிந்து நிற்கிறது, அவரவருக்கு அவரவர் எழுத்துதான் பெயர். தம்பி ‘பிழையைத் திருத்தி’ இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் பணம் கொடுத்த ஒரு குடும்பத்தின் பெயரை அவர்கள் கோயில் சுவரிலேயே மாற்றி எழுதியிருப்போம். கீழே, நாங்கள் கேட்டபடியே, ‘4ஆம் வரைவை அச்சடிக்கலாம்.’

எல்லாவற்றுக்கும் கேள்வி போதும் என்று சொல்ல மாட்டேன். கேட்டாலும் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. இன்டிசைனில் பத்தியின் அமைப்பு Adobe World-Ready Paragraph Composer என்று இல்லாமல் வேறாக இருந்தால், யூனிகோடு தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கெ’யில் ககரம் முதலில், அப்புறம் தனியாக ஒரு கொம்பு. டிசைனர் நன்றாகத்தான் செய்திருப்பார், வேறு கோப்பிலிருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டும்போது அந்த வரி மட்டும் பழைய அமைப்போடு வந்துவிடும். தமிழ் சரளமாகப் படிப்பவர்கள்தான் இதைத் தவற விடுவார்கள், ஏனென்றால் அவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்க்கிறார்கள், ‘திருக்கோயில்’ என்று பாதி பார்த்ததும் மீதியை மனம் நிரப்பிவிடும். ‘தமிழ் சரியா’ என்று கேட்டால் சரி என்பார்கள். இந்த மாதிரிச் சமயத்தில் கேள்வியை எழுத்து அளவுக்குக் கொண்டுபோக வேண்டும்: ‘நான்காம் வரியில் கொம்பு போட்ட எழுத்து மூன்று இருக்கிறது, மூன்றிலும் கொம்பு இடப்பக்கம் இருக்கிறதா?’ இதை நான் வாடிக்கையாளரிடம் கேட்பதில்லை, தம்பி என்னிடம் கேட்கிற கேள்வியாக வைத்திருக்கிறோம்.

அதே போல நிறமும் அளவும் போனில் தெரியாது. ஒரு தால்பூரிக் கடைக்குப் பெயர்ப்பலகை செய்தபோது தம்பி மூன்று மாதிரி அனுப்பி ‘எது பிடிச்சிருக்கு’ என்று எழுதியிருந்தான். கடைக்கார அண்ணன் வீட்டில் மனைவிக்கு ஒன்று பிடித்தது, மகளுக்கு இன்னொன்று, ஒரு வாரம் போய்விட்டது. அதை நான் மாற்றி எழுதியது, ‘இரண்டாவதைப் போடலாம் என்பது எங்கள் எண்ணம், எதிர்ச் சாரியிலிருந்து பெயர் படிக்க முடிவது அதில்தான். ஒரு விஷயம் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும், மதியம் வரிசையில் நிற்கிறவர்கள் உங்கள் கடையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?’ அன்றைக்கே பதில் வந்தது. கடைக்கு வைத்த பெயரை ஒருவரும் சொல்வதில்லையாம், எல்லாரும் அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் வருகிறார்களாம். பலகையில் எந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதோடு முடிந்தது. பிறகு அந்தப் பெயரை முழு அளவில் தாள்களில் எடுத்து ஒட்டிக் கடை வாசலில் பிடித்துக்காட்டி, அங்கேயே ஒப்புதல் வாங்கினோம்.

இப்போதும் தம்பி ‘கெட் சா’ என்றுதான் தொடங்குகிறான், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. எங்களுக்குள் பேசிக்கொள்ள அது போதும், ஒரு யோசனை பாதியில் இருக்கும்போது காட்டிக்கொள்ள அப்படி ஒரு லேசான சொல் வேண்டும்தான். ஆனால் அதற்குக் கீழே இப்போது வேறு வரிகளும் வருகின்றன. போன வாரம் வந்தது:

‘கெட் சா அக்கா. v2, மாறினது கடைசிப் பக்கம் மட்டும். வாடிக்கையாளருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு. கீழே ரெண்டாவது வரியில அன்னதானம்னு இருக்கு, நான் ரெண்டு எடத்துலயும் ரெண்டு சுழி போட்டிருக்கேன். அவங்க அனுப்பின தாள்ல முதல் எடத்துல மூணு சுழி இருக்கு. எது?’

இரண்டு சுழி என்று எழுதி அனுப்பினேன்.